ஆறு இடங்களுக்கு வளாகத் தேர்வு: கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரிடம் என்ன எழுதிக் கேட்பது?

கேள்வி: எங்களுடையது 40 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம். அடுத்த ஜூலையில் சேரும்படி 6 புதிய பட்டதாரிகள் வேண்டும். நான்கு பொறியியல் கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. முதலில் இலவசமாக ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தித் தருகிறோம் என்று உள்ளே போவதா, நேரடியாகவே வளாகத் தேர்வுக்குக் கேட்பதா? பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு என்ன எழுதினால் பதில் வரும்?

பதில்:

நேரடியாக வளாகத் தேர்வையே கேளுங்கள். பட்டறையை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு பொறியியல் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: வேலைவாய்ப்பு அலுவலரின் மின்னஞ்சல் பெட்டியில் இலவசப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாள் பட்டறையை இலவசமாக நடத்திவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் கட்டணப் பயிற்சிக்கு மாணவர்களைச் சேர்க்கும் பயிற்சி மையங்கள் வாரந்தோறும் எழுதுகின்றன. நீங்களும் பட்டறை என்று தொடங்கினால் உங்கள் கடிதமும் அந்தக் கடிதங்களோடு போய்ச் சேரும். ஆறு வேலை என்பது அவருக்கு அரிதாக வரும் செய்தி. அதைப் பட்டறைக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் ஏன் பதில் வரவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பதில் போடாமல் நானே ஒதுக்கிவைத்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. நிறுவனத்தைப் பற்றி மூன்று பத்திகள் இருக்கும். துடிப்பான இளைஞர்கள் தேவை என்று ஒரு வரி இருக்கும். விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும் என்று முடிந்துவிடும். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலரால் எதுவும் செய்ய முடியாது. அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, துறைத்தலைவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவது. அந்தச் சுற்றறிக்கையில் என்ன வேலை, எங்கே, எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு, எந்தத் துறை மாணவர்கள் வரலாம், அரியர் இருந்தால் வரலாமா, பாண்டு உண்டா, எப்போது சேர வேண்டும் என்ற எட்டு விஷயங்கள் இருந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மாணவர்கள் அலுவலரைத் தேடி வந்து அதைத்தான் கேட்பார்கள். விடுபட்டதை உங்களிடம் கேட்டு வாங்க அவர் இரண்டு முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தால், அந்த வாரத்தில் முழு விவரத்தோடு எழுதிய வேறொரு நிறுவனம் உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் முன்மொழிவை ஒரு விண்ணப்பமாக நினைக்காமல், அவர் அப்படியே வெட்டி ஒட்டிச் சுற்றறிக்கையாக அனுப்பக்கூடிய வரைவாக நினைத்து எழுதுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். கல்லூரி எந்த மொழியில் சுற்றறிக்கை அனுப்புகிறதோ அந்த மொழியில் அனுப்பலாம், உள்ளடக்கம் இதுதான்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் நிறுவனத்தின் ... அலுவலகத்தில் இளநிலை மென்பொருள் பொறியாளர் பணிக்கு, இவ்வாண்டு இறுதியாண்டு படிக்கும் மாணவர்களிலிருந்து 6 பேரைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறோம். 6 இடங்களுக்கும் எங்கள் இயக்குநரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணுத் தொடர்பியல் ஆகிய துறை மாணவர்கள் கலந்துகொள்ளலாம். மதிப்பெண் வரம்பு இல்லை. ஆனால் சேரும் நாளில் நிலுவை அரியர் இருக்கக் கூடாது. ஆண்டுச் சம்பளம் 4,20,000 ரூபாய். அதன் பகுப்பு விவரம் கீழே இணைக்கப்பட்டுள்ளது. பாண்டு இல்லை, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், எந்தக் கட்டத்திலும் மாணவர்களிடம் கட்டணம் இல்லை. தேர்வு இரண்டு சுற்று: ஒன்றரை மணி நேர நிரலாக்கத் தேர்வு, பிறகு ஒரே நேர்காணல். ஜனவரி இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், அடுத்தடுத்து வரும் இரண்டு நாள்கள் தங்களுக்கு வசதிப்படுமானால் தெரிவிக்க வேண்டுகிறோம். நேர்காணல் முடிந்த இரண்டு வேலை நாள்களுக்குள் முடிவும், பத்து நாள்களுக்குள் ஆஃபர் லெட்டரும் தருவோம். பணியில் சேரும் நாள் ஜூலை முதல் திங்கள்."

இதில் நிறுவனத்தின் பெருமை ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைத் தனியாக ஒரு பக்கத்தில் இணைத்துவிடலாம். அந்தப் பக்கத்தில் நிறுவனம் பதிவான ஆண்டு, பதிவு எண், அலுவலக முகவரி, இணையதளம், செய்யும் வேலையின் தன்மை, இப்போது அங்கே வேலை செய்யும் பொறியாளர்கள் எத்தனை பேர் என்பவை இருந்தால் போதும். பெயர் தெரியாத நிறுவனம் என்றால் அலுவலர் கட்டாயம் சரிபார்ப்பார். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால், நிறுவனம் எப்போது பதிவானது, இப்போது செயல்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவு எண்ணை நீங்களே கொடுத்துவிட்டால் அவருக்கு ஒரு வேலை குறையும்; கொடுக்காவிட்டால் சந்தேகம் ஒன்று கூடும். கடிதம் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து போவதும் முக்கியம். இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் வேலைவாய்ப்புக் கடிதங்களை நான் திறந்து பார்த்ததோடு சரி. மாணவர்களிடம் பதிவுக் கட்டணம் என்று வசூல் செய்துவிட்டு மறைந்துபோன கும்பல்கள் அப்படிப்பட்ட முகவரிகளிலிருந்துதான் எழுதின.

சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணம் உள்ள நிறுவனங்களும் இங்கேதான் தவறு செய்கின்றன. ஆண்டுக்கு 4,20,000 என்று எழுதினால், மாணவர் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 35,000 என்று வீட்டில் சொல்லிவிடுவார். உங்கள் கணக்கில் அந்தத் தொகைக்குள் ஓராண்டு முடிந்தபின் தரும் தக்கவைப்புத் தொகை 60,000, செயல்திறனைப் பொறுத்த ஊக்கத்தொகை 30,000, நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதியில் மாதம் 1,800 வீதம் கட்டும் 21,600 ஆகியவை அடங்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கழித்தால் மீதி 3,08,400, மாதத்துக்கு 25,700. அதிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 1,800 பிடித்தால் கைக்கு வருவது 23,900. தொழில் வரி இருந்தால் இன்னும் சற்றுக் குறையும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 35,000 என்று நம்பி வேறு வாய்ப்பை விட்டுவிட்டு வந்த பையனுக்கு முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது அது ஏமாற்றாகத்தான் தெரியும். அவன் திரும்பிப் போய்க் கேட்பது உங்களிடம் அல்ல, அலுவலரிடம். ஆகவே ஆண்டுத் தொகையை ஒரு வரியிலும், முதல் மாதம் கைக்கு வரும் தொகையை அடுத்த வரியிலும் நீங்களே எழுதிவிடுங்கள். பயிற்சிக் காலத்தில் குறைந்த தொகைதான் என்றால் அது எத்தனை மாதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இப்படிப் பிரித்து எழுதி வந்த கடிதத்தை, அதில் இருந்த தொகை சிறியதாக இருந்தபோதும், நான் முதல்வர் அறைக்கு நானே எடுத்துப் போயிருக்கிறேன்.

அலுவலர் சம்பளத்தில் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரங்களில், வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையோடு அவர்களுடைய இடைநிலைச் சம்பளமும் இடம்பெறுகிறது. இடைநிலை என்பது சராசரி அல்ல. எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை. ஆறு பேரால் அந்த நடுப்புள்ளி பெரிதாக நகர்ந்துவிடாது. ஆகவே சம்பளம் சற்றுக் குறைவு என்பதாலேயே தயங்கி எழுதாமல் இருந்துவிட வேண்டாம். அதே நேரத்தில் அந்தக் கணக்குக்கு ஆதாரமாக ஆஃபர் லெட்டரின் நகல் கல்லூரிக்குத் தேவைப்படும். ஆஃபர் லெட்டரை மாணவருக்கு மட்டும் அனுப்பாமல் வேலைவாய்ப்புப் பிரிவுக்கும் நகல் போகும் என்று முன்மொழிவிலேயே சொல்லிவிட்டால், பின்னால் அவர் உங்களைத் துரத்த வேண்டியிருக்காது.

சேரும் நாளைப் பற்றி நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் எங்கள் கல்லூரியில் 11 பேரைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் கல்லூரியில், பல கல்லூரிகளில் இருப்பதைப் போலவே, ஒருவர் ஒரு வேலை பெற்றுவிட்டால் அடுத்து வரும் நிறுவனங்களின் தேர்வில் உட்கார முடியாது என்ற விதி இருந்தது. மற்றவர்களுக்கு இடம் கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம். அந்தப் பதினொரு பேரும் விதிப்படி ஒதுங்கி நின்றார்கள். ஜூலையில் சேர வேண்டியவர்களுக்கு ஜூலையில் கடிதம் வரவில்லை, செப்டம்பரிலும் வரவில்லை. பிறகு பிப்ரவரியில் நான்கு பேரை மட்டும் அழைத்தார்கள். மீதி ஏழு பேரின் பெற்றோர் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தபோது சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அதன் பிறகு எந்தச் சிறிய நிறுவனம் வந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, இடங்களுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டீர்களா, அல்லது வாடிக்கையாளரிடமிருந்து வேலை கிடைத்தால் ஆள் எடுப்பதாக இருக்கிறீர்களா என்பதுதான். உங்களுக்கு வாய்க்கப்போகும் அலுவலரும் இதே கேள்வியோடுதான் இருப்பார். ஆறில் நான்கு இடங்கள்தான் உறுதி என்றால் நான்கு என்றே எழுதுங்கள். மீதி இரண்டும் உறுதியான பிறகு, காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே சொல்லி வைக்கலாம்.

தகுதி வரம்பைப் பொறுத்தவரை, பெரிய நிறுவனங்களைப் பார்த்துப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பட்டப்படிப்பிலும் 60 விழுக்காடு, ஒருமுறைகூட அரியர் இருந்திருக்கக் கூடாது என்று எழுதிவிடாதீர்கள். பல்லாயிரம் விண்ணப்பங்களைக் குறைப்பதற்காக அவர்கள் வைத்த சல்லடை அது. அந்தச் சல்லடையில் தேறியவர்களில் பலரை அவர்களே ஏற்கெனவே எடுத்துப் போயிருப்பார்கள். நீங்கள் போகும்போது மீதி இருப்பவர்களில், மூன்றாம் செமஸ்டரில் கணிதத்தில் ஒருமுறை தவறி, ஆனால் நன்றாக நிரல் எழுதக்கூடிய பிள்ளைகள் இருப்பார்கள். சேரும் நாளில் நிலுவை அரியர் கூடாது என்பது போதுமான வரம்பு. நிலுவை அரியர், எப்போதோ இருந்து தேறிய அரியர் என்ற இரண்டையும் வேறுபடுத்தி எழுதுங்கள். வெறுமனே அரியர் கூடாது என்று எழுதினால் இரண்டாம் வகையினரும் ஒதுங்கிவிடுவார்கள்.

அடுத்தது காலம். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் ஏழாம் செமஸ்டர் தொடங்கியதிலிருந்து பெரிய நிறுவனங்கள் வரிசையாக வருகின்றன. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நீங்கள் நாள் கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் நீங்கள் தேர்ந்தெடுத்தவர் அடுத்த வாரம் பெரிய பெயரின் பின்னால் போய்விடுவார். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வுகள் குறுக்கிடும். எட்டாம் செமஸ்டர் தொடங்கும் ஜனவரியும் அதை ஒட்டிய பிப்ரவரியும்தான் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான காலம். வகுப்புகள் குறைந்து செய்முறைத் திட்டத்துக்கு நேரம் ஒதுக்கப்படும் செமஸ்டர் அது. துறைத்தலைவர் ஒப்புக்கொண்டால், தேர்ந்தெடுத்தவர்களை அந்தத் திட்டத்தையே உங்கள் அலுவலகத்தில் செய்யும்படி உள்ளகப் பயிற்சியாக அழைத்துக்கொள்ளலாம். அப்படி அழைத்தவர்கள் ஜூலையில் வராமல் போவது மிகக் குறைவு. கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பு என்பதால் ஆறாம் செமஸ்டர்தான் கடைசி. அங்கேயும் இதே மாதங்கள்தான் ஒத்துவரும். நாளைக் கேட்கும்போது ஒரே தேதியைக் குறிப்பிடாமல் இரண்டு வாரங்களைச் சொல்லுங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வு, கல்லூரி விழா, விடுமுறை எல்லாவற்றுக்கும் இடையில் நாளைப் பொருத்திப் பார்ப்பவர் அவர்தான்.

நாள் கிடைத்ததும் எழும் சிக்கலைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறு பேர் சேர வேண்டுமானால் எட்டுப் பேருக்கு ஆஃபர் தர வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், இன்னொருவர் வேறு வேலைக்குப் போவார். எட்டுப் பேரும் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விடை உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு ஆஃபரும் இரண்டு காத்திருப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்க 30 பேரையாவது நேர்காணல் செய்வீர்கள். அந்த 30 பேரை எடுக்க 120 பேர் எழுத்துத் தேர்வில் உட்கார வேண்டும் என்று வையுங்கள். இதெல்லாம் ஒரே நாளில் முடியுமா?

காலை 9 மணிக்கு நிறுவன அறிமுகம், 9.30 முதல் 11 வரை தேர்வு, திருத்திப் பட்டியல் போட 12 மணி ஆகும். 12.30-க்கு நேர்காணல் தொடங்கும் என்றால், மாலை எத்தனை மணி வரை நடத்தலாம்? உங்கள் அலுவலகக் கணக்கில் 6 மணி என்பீர்கள். கல்லூரியில் அது 4.30 மணி, ஏனென்றால் பல கல்லூரிகளில் பேருந்துகள் அந்த நேரத்தை ஒட்டிப் புறப்பட்டுவிடும். விடுதியில் இல்லாத மாணவர், அதிலும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து வரும் மாணவி, தன் பெயர் இன்னும் அழைக்கப்படவில்லையே என்று வராந்தாவில் நின்றபடி பேருந்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் உள்ளே வருபவரிடமிருந்து நல்ல பதிலை எதிர்பார்க்க முடியாது. 12.30 முதல் 4.30 வரை, உணவு இடைவேளை போக, மூன்றரை மணி நேரம். அதாவது 210 நிமிடங்கள். ஒருவருக்குக் குறிப்பெழுதும் நேரத்தையும் சேர்த்து 25 நிமிடம் என்றால் ஒரு குழு எட்டுப் பேரைத்தான் பார்க்கும். 30 பேருக்கு, குழுவுக்கு இருவர் வீதம், நான்கு குழுக்கள் வேண்டும். 40 பேர் உள்ள நிறுவனத்திலிருந்து எட்டு மூத்த பொறியாளர்களை ஒரு நாள் வெளியே அனுப்புவது உங்களால் ஆகிற காரியம் அல்ல.

அதனால்தான் மாதிரிக் கடிதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் என்று எழுதினேன். முதல் நாள் பிற்பகல் அறிமுகமும் தேர்வும். இரவில் திருத்திப் பட்டியலை அனுப்பிவிடலாம். இரண்டாம் நாள் காலை 9.30 முதல் 4.30 வரை, இடைவேளை முக்கால் மணி போக, 375 நிமிடங்கள். ஒரு குழுவுக்கு 15 பேர். இரண்டு குழுக்கள் 30 பேரையும் முடித்துவிடும். பட்டியலை அனுப்பும்போதே யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நேரமும் போட்டுவிட்டால் வராந்தாக் காத்திருப்பும் இல்லாமல் போகும். அலுவலரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள். இரண்டு அறைகள், முதல் நாள் இரண்டு ஆய்வகங்கள், இவ்வளவுதான் தேவை என்று தெரிந்தால் அவர் உடனே நாள் கொடுப்பார்.

ஆய்வகத்தில் ஒன்று தவறாமல் நடக்கும். இணையவழித் தேர்வு நடத்தும் தளம் கல்லூரி வலையமைப்பில் திறக்காது. கல்லூரியின் தீயரண் அதைத் தடுத்து வைத்திருக்கும். 120 பேரும் உட்கார்ந்த பிறகு இது தெரிந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே தளத்தின் முகவரியை அனுப்பி, அனுமதிக்கும்படி கேளுங்கள். முந்திய நாள் அதே ஆய்வகத்தின் ஏதாவது ஒரு கணினியிலிருந்து மாதிரித் தேர்வு ஒன்றை முழுவதுமாக, விடையைச் சமர்ப்பிக்கும் படி வரை, ஒருவரைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். பக்கம் திறந்தாலும் சமர்ப்பிக்கும்போது நின்றுபோன தேர்வுகளும் உண்டு. ஆய்வகத்தில் 60 கணினி இருக்கிறது என்று சொன்னால் ஓடக்கூடியவை எத்தனை என்று கேட்டுக்கொள்வதும் நல்லது; அதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடிதம் அனுப்பிய பின் ஐந்து வேலை நாள் பொறுத்து ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். காலை நேரம் வேண்டாம்; அப்போது அவர் வேறொரு நிறுவனத்தோடு வளாகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். பிற்பகல் 3 மணிக்கு மேல் அழைத்து, அனுப்பிய கடிதத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்காமல், ஜனவரி இரண்டாம் வாரமா மூன்றாம் வாரமா வசதி என்று கேளுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் நேரில் ஒருமுறை போய் வாருங்கள், கடிதத்தின் அச்சுப் பிரதியோடு. அந்தப் பிரதியில் அவர் குறிப்பெழுதி முதல்வரிடம் அனுப்புவார். பல கல்லூரிகளில் காரியம் இன்னும் அந்தத் தாளில்தான் நகர்கிறது. நான்கு கல்லூரிகளுக்கும் ஒரே நேரத்தில் போவதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். ஆறு இடங்களுக்கு ஒரு கல்லூரி, மிஞ்சினால் இரண்டு. நான்கு கல்லூரிகளிலும் தேர்வு வைத்து ஒன்றில் ஒருவரைக்கூட எடுக்காமல் வந்தால், அந்தக் கல்லூரியின் கதவு அடுத்த ஆண்டு எளிதில் திறக்காது.

இனி பட்டறை. தேர்வு முடிந்ததும் உங்கள் கையில் ஒரு நல்ல பொருள் இருக்கும்: 120 விடைத்தொகுப்புகள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியலோடு, தேறாதவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அலுவலருக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வகை போதும். எடுத்துக்காட்டாக, சுழற்சியையும் நிபந்தனையையும் சரியாக எழுதியவர்களில் பெரும்பாலோர் தவறான உள்ளீடு வந்தபோது என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தரவுத்தளக் கேள்வியில் இரண்டு அட்டவணைகளை இணைக்கத் தெரியவில்லை. தங்கள் செய்முறைத் திட்டத்தில் தாங்கள் எழுதிய பகுதி எது என்று நேர்காணலில் விளக்க முடியவில்லை. இப்படி ஒரு பக்கம் எழுதித் தரும் நிறுவனங்கள் மிகவும் குறைவு. துறைத்தலைவர்கள் அதைத் துறைக் கூட்டத்தில் வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தின் கடைசியில் பட்டறையை முன்மொழியுங்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு அல்ல, ஆறாம் செமஸ்டரில் இருக்கும் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு. அடுத்த ஜனவரியில் நீங்கள் சந்திக்கப்போவது அவர்களைத்தான். நாள் இரண்டு, மாணவர் 60 பேர், அதாவது ஓர் ஆய்வகத்தின் அளவு. அரங்கில் 300 பேரை உட்காரவைத்து நடத்துவது பட்டறை அல்ல, சொற்பொழிவு. தலைப்பு, தேர்வில் கண்ட குறைகளிலிருந்தே வரட்டும்: முதல் நாள் இரண்டு அட்டவணைகளை இணைத்து விடை எடுப்பது, தவறான உள்ளீட்டைக் கையாள்வது, இரண்டாம் நாள் நான்கு பேர் கொண்ட குழுவாக ஒரு சிறு செயலியை எழுதி, தன் பகுதியை ஒவ்வொருவரும் எழுந்து விளக்குவது. பாடம் நடத்துபவர் மனிதவளப் பிரிவிலிருந்து வரக் கூடாது. அன்றாடம் நிரல் எழுதுபவராக இருக்க வேண்டும். 60 பேருக்கு ஒருவர் போதாது; உதவிக்கு இன்னும் இருவர் வேண்டும், இல்லையென்றால் பின்வரிசையில் மென்பொருள் நிறுவப்படாத கணினியின் முன் பத்துப் பேர் காலை முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை, பட்டறையின் முடிவில் எந்தப் பயிற்சியையும் விற்க மாட்டோம் என்று எழுத்திலேயே சொல்லுங்கள்.

பட்டறைக்கு அலுவலர் துறைத்தலைவரின் அனுமதியைப் பெற வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் இரண்டு நாள் வகுப்பை விட்டு வருகிறார்கள். அவர்களுக்கு வருகைப் பதிவு தர வேண்டும். அதற்காக அவர் கேட்பவை நேர அட்டவணை, நடத்துபவரின் தகுதிக் குறிப்பு, முடிந்தபின் கையெழுத்திட்ட வருகைப் பட்டியல், மாணவர் கருத்துப் படிவம், சில படங்கள். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் என்ற அளவுகோலின் கீழ்த் திறன் மேம்பாட்டு நிகழ்ச்சிகளும் கணக்கில் வந்திருப்பதால் இந்த ஆவணங்களைக் கல்லூரிகள் தவறாமல் சேர்த்து வைக்கின்றன. நீங்கள் கிளம்பும் முன்பே கொடுத்துவிட்டால், மூன்று மாதம் கழித்து யாராவது தொலைபேசியில் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பட்டறைக்கு வந்தவர்களுக்கு வேலை நிச்சயம் என்பதைப் போல ஒரு சொல்லும் உங்கள் ஆட்களின் வாயிலிருந்து வரக் கூடாது. நன்றாகச் செய்த மாணவரைப் பார்த்து, அடுத்த வருடம் உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்று ஆர்வத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த மாணவர் அதை நம்பி ஆகஸ்டில் வந்த நிறுவனத்தின் தேர்வை எழுதாமல் விடுவார். வேண்டுமானால், பட்டறையின் இறுதி மதிப்பீட்டில் முதல் பத்து இடம் பெற்றவர்கள் அடுத்த ஜனவரியில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்காணலுக்கு வரலாம் என்று சொல்லுங்கள். அதையும் அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகு, அவர் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள்.